டாக்பேக் முதலில், இயர்பட்ஸ் அப்புறம்

"அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்து, இப்போது வெளிச்சமும் ஆட்களின் நிழலும்தான் தெரிகிறது. அவருடைய ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக்கை ஆன் செய்து கொடுத்தேன். போன் ஹேங் ஆன மாதிரி எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. கும்பகோணம் வீட்டில் எந்நேரமும் டிவி ஓடும், அதனால் ப்ளூடூத் இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். குரல் தாமதமாக வருகிறது, முதல் எழுத்து கேட்பதில்லை, ஒன்றைத் தட்டினால் வேறொன்று திறக்கிறது. 'எனக்கு இதெல்லாம் வேண்டாம்டா' என்று மேஜையில் வைத்துவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். விலை கூடிய இயர்பட்ஸ் வாங்க வேண்டுமா? எதை முதலில் செய்ய வேண்டும்?"
— வாசகர் ஒருவர், சென்னை

புது இயர்பட்ஸ் இப்போது வாங்காதீர்கள். இருப்பதையும் முதல் இரண்டு நாள் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். டிவியை அணைத்துவிட்டு, போனின் ஸ்பீக்கரிலேயே அப்பா பழகட்டும். தட்டும் முறை, குரல், இயர்பட்ஸ் என்று மூன்று புது விஷயங்கள் ஒரே நேரத்தில் அவர் கையில் வந்திருக்கின்றன. எது தகராறு செய்கிறது என்று உங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் பார்வையற்றவர்களுக்குப் போன் பழக்குகிறவன், நானும் டாக்பேக்கில்தான் என் போனை ஓட்டுகிறேன். ப்ளூடூத்தில் ஆரம்பித்தவர்கள்தான் சீக்கிரம் சலித்துப் போகிறார்கள்.

போன் ஹேங் ஆகவில்லை. டாக்பேக் ஆனவுடன் தொடுதலின் பொருளே மாறிவிடுகிறது. ஒரு விரலால் தொட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். திறக்க வேண்டுமானால் இருமுறை தட்ட வேண்டும். பார்வை உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று: அந்த இரட்டைத் தட்டு திறக்க வேண்டிய ஆப்பின் படத்தின் மேலேயே விழ வேண்டியதில்லை. குரல் கடைசியாக எதைச் சொன்னதோ அதுதான் திறக்கும், திரையில் எங்கே தட்டினாலும் சரி. இதை அப்பாவுக்குச் சொல்லிவிட்டால் குறி தவறிவிடுமோ என்ற பயம் போய்விடும். வலப்பக்கம் ஒருமுறை தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்த இரண்டு விரல். முதல் நாளுக்கு இவ்வளவே போதும்.

உங்களுக்காக ஒன்று: இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து 3 வினாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் அணையும், மறுபடி அப்படியே பிடித்தால் வரும். இது வேலை செய்ய `Settings` > `Accessibility` > `TalkBack` பக்கத்தில் ஷார்ட்கட்டை ஆன் செய்திருக்க வேண்டும். நீங்கள் ஏதாவது அமைக்கும்போது அணைத்துக்கொண்டு செய்யுங்கள், முடிந்ததும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது குரல். `Settings` பக்கத்தின் தேடல் பெட்டியில் `text-to-speech` என்று அடித்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். அது இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் தேடிப் போவதே சுலபம். அங்கே கூகுளின் பேச்சு இன்ஜின் பக்கத்தில் உள்ள பல்சக்கரப் படத்தைத் தொட்டு, `Install voice data` வழியாகத் தமிழ்க் குரலைத் தரவிறக்கி, மொழியைத் தமிழாக மாற்றுங்கள். தரவிறக்கிவிட்டால் நெட் இல்லாதபோதும் பேசும். ஆங்கிலக் குரலையே விட்டுவைத்தால் வாட்ஸ்அப்பில் உங்கள் அம்மா தமிழில் அனுப்பும் செய்தி வரும்போது போன் வாயே திறக்காது; அப்பா செய்தியே வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். வேகத்தை ரொம்பவும் குறைக்காதீர்கள். இழுத்து இழுத்துப் பேசும் குரலில் சொற்கள் உடைந்து, புரிவது இன்னும் கடினமாகும்.

அப்புறம் முகப்புத் திரை. அதில் இருக்கும் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். திரையின் அடி வரிசையில் நான்கு மட்டும் போதும்: இடது ஓரத்தில் போன், அதையடுத்து வாட்ஸ்அப், அப்புறம் அவர் கேட்கும் ரேடியோவோ யூடியூபோ, வலது ஓரத்தில் கடிகாரம். விரலுக்கு மூலைகள்தான் அடையாளம். போனின் கீழ் இடது மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, அங்கிருந்து கொஞ்சம் மேலே வந்தால் போன் படம் என்று பழகிவிட்டால், தள்ளித் தள்ளித் தேட வேண்டியதில்லை. நடுவில் கிடக்கும் பத்துப் படங்களில் ஒன்றைத் தேடுவது எங்களுக்கே எரிச்சலான வேலை.

பூட்டுத் திரைக்கு விரல்ரேகையைப் பதிந்து வையுங்கள், இரண்டு கையிலும். போனின் பக்கவாட்டுப் பட்டனில் சென்சார் இருந்தால் நல்லது, கை தானாகவே அங்கே போகும். கண்ணாடிக்குள் சென்சார் இருந்தால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்படுவார். அப்படியானால் போன் உறையில், அந்த உயரத்துக்கு நேராக விளிம்பில், ஒரு சிறிய புடைப்பான ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள்.

இப்போது ஒரு வேலையை முழுதாகச் செய்து பார்க்கலாம். அப்பா உங்கள் தங்கையைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விரல் வைத்துப் பூட்டைத் திறக்கிறார். கீழ் இடது மூலையில் விரலை வைக்கிறார், 'போன்' என்று கேட்கிறது. விரலை எடுத்துவிட்டு எங்காவது இருமுறை தட்டுகிறார். உள்ளே அடிக்கடி பேசும் பெயர்களை நட்சத்திரம் போட்டு வைத்திருந்தால், அந்தப் பக்கத்தில் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போக, பெயர் கேட்டதும் நிறுத்துகிறார், இருமுறை தட்டுகிறார். பேசி முடித்ததும் கட் செய்ய இரண்டு விரலால் இருமுறை தட்டினால் போதும். வரும் அழைப்பை எடுப்பதும் இதே சைகைதான். `Accessibility` பகுதியில் பவர் பட்டனை அழுத்தினால் அழைப்பு துண்டிக்கப்படும் என்ற வசதியும் இருக்கும், அதையும் ஆன் செய்துவிடுங்கள். பேசி முடித்தபின் சிவப்பு பட்டனைத் தேடித் தடுமாறுவதுதான் புதியவர்கள் முதலில் புலம்பும் விஷயம்.

இந்த ஒரு வேலையை அவர் உங்கள் உதவி இல்லாமல், ஸ்பீக்கரில், தடுமாறாமல் செய்கிறார் என்றால் இயர்பட்ஸை வெளியே எடுக்கலாம்.

இனி உங்கள் பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். ப்ளூடூத்தில் குரல் நேராகக் காதுக்குப் போவதில்லை. போன் அதைச் சுருக்கி, அனுப்பி, இயர்பட்ஸ் அதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, விரித்து ஒலிக்கிறது. இதற்குச் சாதாரணமாகவே கால் வினாடி வரை ஆகிவிடும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. வீடியோவில் கூட ஆப் அதைக் கணக்கிட்டுப் படத்தைத் தள்ளிவைத்துவிடும். ஆனால் டாக்பேக்கில் விரலும் காதும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்கின்றன. அப்பா வலப்பக்கம் தள்ளுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. சரியாகத் தள்ளவில்லை போல என்று மறுபடி தள்ளுகிறார். அந்த நேரத்தில்தான் முதல் தள்ளலுக்கான 'வாட்ஸ்அப்' காதில் விழுகிறது. வந்துவிட்டது என்று இருமுறை தட்டுகிறார். டாக்பேக்கோ ஏற்கெனவே அடுத்த படத்துக்குப் போய்விட்டது, யூடியூப் திறக்கிறது. ஒன்றைத் தட்டினால் வேறொன்று திறக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது அனேகமாக இதுதான்.

இதற்கு மருந்து போனுக்குள்ளேயே இருக்கிறது. டாக்பேக் அமைப்புகளில் ஒலி, அதிர்வு என்ற பகுதி இருக்கும்; அதில் அதிர்வை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நகரும்போது போன் லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு ப்ளூடூத் வழியாகப் போகாமல் நேராகக் கையில் வருவதால் தாமதமே கிடையாது. 'கையில் துடித்ததா? அப்படியானால் நகர்ந்துவிட்டது. இனி விரலை அசைக்காமல் குரல் வரும்வரை இருங்கள்' என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு இயர்பட்ஸ் போடும் அன்று இது ஒன்றைத்தான் சொல்லிக் கொடுப்பேன். அதிர்வை முழுதாக அணைத்துவைத்த போனில் ப்ளூடூத்தோடு பழகுவது பெரும்பாடு.

தாமதத்தைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. பல இயர்பட்ஸில் கேம் மோட் என்று ஒன்று கொடுக்கிறார்கள். விளையாடுகிறவர்களுக்காக வைத்தது என்றாலும் எங்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. அந்தக் கம்பெனி ஆப்பிலோ, இயர்பட்ஸை இத்தனை முறை தட்டினால் என்றோ அதை ஆன் செய்யலாம், கூட வந்த தாளைப் பாருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பரவாயில்லை. சில மாடல்களில் பெட்டிக்குள் போட்டு எடுத்தால் கேம் மோட் தானாக அணைந்துவிடும். நேற்று நன்றாக இருந்தது இன்று மறுபடி தாமதிக்கிறது என்று அப்பா சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

முதல் எழுத்து விழுங்கப்படுவது வேறு நோய். சில வினாடி சத்தமே இல்லாவிட்டால் பேட்டரியை மிச்சப்படுத்த ஒலிப்பாதை மூடிக்கொள்கிறது. அடுத்த சொல் வரும்போது பாதை திறக்க ஒரு கணம் ஆகிறது, அதற்குள் சொல்லின் தலை போய்விடுகிறது. நீளமான வாக்கியத்தில் இது பெரிதாகத் தெரியாது. 'ஐந்து', 'சரி', 'இல்லை' போன்ற குட்டிச் சொற்களில்தான் வினை, சில நேரம் சொல் முழுதுமே காணாமல் போகும். கோளாறு இயர்பட்ஸில்தானா என்று உறுதிசெய்ய, ப்ளூடூத்தை அணைத்துவிட்டு அதே நான்கு படங்களைப் பத்துப் பத்து வினாடி இடைவெளி விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரில் முழுச் சொல்லும் கேட்டால் குற்றவாளி ப்ளூடூத்தான். ஸ்பீக்கரிலும் தலை போனால், அல்லது மெதுவாகவே பேசினால், போனின் மெமரி நிறைந்து திணறுவது காரணமாக இருக்கலாம். தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள்.

ப்ளூடூத்தில் சொல்லின் தலை போவதற்கு ஆண்ட்ராய்டில் ஒரே பட்டனில் தீர்வு கிடையாது. டாக்பேக்கின் ஒலிக்குறிப்புகளை ஆன் செய்தால், சொல்லுக்கு முன்னால் வரும் 'டிக்' சத்தம் பாதையை எழுப்பிவிடும், கொஞ்சம் உதவும். எங்களில் சிலர் வேறொரு தந்திரம் செய்கிறோம். மழைச் சத்தம் போல ஏதாவது ஒன்றைக் காதுக்கே எட்டாத அளவு குறைத்து ஓடவிட்டால், பாதை மூடவே மூடாது. பேட்டரிதான் விலை. பேங்க் ஆப்பில் எண்களைக் கேட்க வேண்டிய அரைமணி நேரத்துக்கு இது போதும், நாள் முழுக்கத் தேவையில்லை.

மூன்றாவது வம்பு, இயர்பட்ஸின் மேல் உள்ள தொடு பட்டன். காதில் சரியாக உட்காரவில்லை என்று அப்பா அதைத் தொட்டுச் சரிசெய்வார். இயர்பட்ஸ் அதைத் தட்டல் என்று எடுத்துக்கொண்டு, கடைசியாக ஓடிய பாட்டை ஆரம்பித்துவிடும், அல்லது கூகுள் அசிஸ்டன்டைக் கூப்பிட்டுவிடும். பாட்டுக்கு நடுவே டாக்பேக் பேசுவது அவருக்குக் கேட்காது, எப்படி நிறுத்துவது என்றும் தெரியாது. கம்பெனி ஆப்பில் தொடு வசதிகளை அணைக்க முடிந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அழைப்பை எடுப்பதை மட்டும் வேண்டுமானால் விட்டுவையுங்கள். அணைக்க முடியாத மாடல் என்றால் அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு அது சரிப்படாது.

இணைக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சோதித்துப் பார்க்க உங்கள் போனிலோ லேப்டாப்பிலோ முதலில் இணைத்திருப்பீர்கள். அங்கே போய் `Forget` கொடுத்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் இயர்பட்ஸ் உங்கள் போனைப் பிடித்துக்கொள்ளும், அப்பாவின் போன் ஊமையாகிவிட்டது போல இருக்கும். அப்பா போனில் அந்தக் கருவியின் பெயரையும் மாற்றுங்கள். கம்பெனி வைத்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பெயரைத் தமிழ்க் குரல் படித்தால் யாருக்கும் புரியாது. 'அப்பா காது' என்று வைத்துவிட்டால் ப்ளூடூத் பட்டியலில் அது வரும்போதே தெரிந்துவிடும். இணைப்பு விட்டுப்போனால் மறுபடி இணைப்பதை அவரும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். பெட்டியில் விளக்கு மினுக்குவதை அவரால் பார்க்க முடியாது. அதனால் 'விளக்கு வரும்வரை அழுத்துங்கள்' என்று சொல்லிக் கொடுக்காமல், எத்தனை எண்ணும்வரை அழுத்த வேண்டும் என்று நீங்கள் எண்ணிப் பார்த்து அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டுக்குள்ளும்தான். மற்றொரு காது வாசல் மணிக்கும் அம்மாவின் குரலுக்கும் வேண்டும். `Accessibility` பகுதியில் கேட்டல் சம்பந்தமான இடத்தில் `Mono audio` என்று இருக்கும், அதை ஆன் செய்தால் இரண்டு பக்க ஒலியும் ஒரே காதில் வரும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றது ஓடும். வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தெருவில் இறங்கும்போது ஒரு காதில்கூட இயர்பட்ஸ் வேண்டாம். பின்னால் வரும் பைக்கின் சத்தம் தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவு தொல்லை என்றால் இயர்பட்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில் அது உண்மையிலேயே வேண்டும். ஒன்று ரகசியம். டாக்பேக் அமைப்பில் `Speak passwords` அணைந்திருந்தால், பாஸ்வேர்டின் எழுத்துகளை ஹெட்செட் மாட்டியிருக்கும்போது மட்டும்தான் படிக்கும்; ஸ்பீக்கரில் வெறும் புள்ளி என்றுதான் சொல்லும். அது அணைந்தே இருக்கட்டும். ஓடிபி அப்படியில்லை, அது சாதாரண எஸ்எம்எஸ், ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்படி படித்துவிடும். இயர்பட்ஸின் சார்ஜ் நடுவில் தீர்ந்துபோனாலும் குரல் உடனே ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். பேங்க் வேலைக்கு உட்காரும் முன் இயர்பட்ஸைப் பெட்டியில் கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டு எடுப்பதை அவருக்குப் பழக்கிவிடுங்கள்.

இன்னொன்று, 'தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்' ரக அழைப்புகள். போனைக் காதில் வைத்துக்கொண்டால் திரை அணைந்துவிடும், எடுத்து எண்ணைத் தேடுவதற்குள் அந்தப் பெண்குரல் அடுத்ததுக்குப் போய்விடும். இயர்பட்ஸ் இருந்தால் குரல் காதில், எண்பலகை கையில். அழைப்பின்போது ஒலியின் தரம் கொஞ்சம் மட்டமாகும், டாக்பேக்கின் குரலும் கரகரக்கும். அது ப்ளூடூத்தின் அழைப்பு முறை அப்படி, கோளாறு இல்லை.

எழுத்து அடிப்பதை மட்டும் ப்ளூடூத்தில் பழக்காதீர்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் விரலை எந்த எழுத்தின் மேல் எடுக்கிறோமோ அது விழும். குரல் பிந்தி வந்தால் எல்லாமே ஒரு எழுத்து தள்ளித்தான் விழும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும், அல்லது கீபோர்டில் உள்ள மைக்கைத் தட்டித் தமிழில் சொல்லட்டும்.

போனில் 3.5 மிமீ துளை இருந்தால், போகும்போது ஒரு சாதாரண ஒயர் இயர்போனையும் கையோடு வாங்கிப் போங்கள். ஒயரில் இந்தத் தாமதமும் இல்லை, சொல்லின் தலை போவதும் இல்லை, சார்ஜும் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் பழக அதற்கு ஈடு இல்லை. துளை இல்லாத போனுக்கு டைப்-சி இயர்போன் வரும். எல்லா மாடலும் எல்லா போனிலும் வேலை செய்யாது என்பதால், கடையிலேயே அப்பா போனில் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

அதற்குப் பிறகும் விலை கூடிய இயர்பட்ஸ்தான் வேண்டும் என்றால், கடைக்கு அப்பாவின் போனை எடுத்துப் போய், டாக்பேக்கை ஆன் செய்து, இணைத்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கு படங்களைத் தள்ளிப் பாருங்கள். பத்து வினாடி சும்மா இருந்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். அதிர்வுக்கும் குரலுக்கும் நடுவில் உங்களுக்கே பொறுமை போனால், எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.